ஆட்டோ டெபிட் ஃபெயில் ஆனா கஸ்டமர்கிட்ட எப்படிச் சொல்றது: சும்மா ரீட்ரை, மெசேஜ், போன், எது சரி?

மாசா மாசம் ஒரு தேதியில கஸ்டமர் அக்கவுண்ட்ல இருந்து தவணை தானா எடுக்கணும், இந்த மாசம் எடுக்க முடியாம திரும்பி வந்துடுச்சு. பில்லிங் டீம்லயோ கலெக்‌ஷன் டெஸ்க்லயோ உக்கார்றவங்களுக்கு இது தினமும் நடக்கிற விஷயம், ஆனா கஸ்டமருக்கு அப்படியில்ல, அவருக்கு அது ஒரு அதிர்ச்சி. அவர்கிட்ட மூணு விஷயம் சொல்லணும்: பணம் எடுக்க முடியல, வேற வழியில கட்டுங்க, இதுக்கு இவ்வளவு பெனால்டி வந்திருக்கு. இதை எந்த வழியில சொல்றதுன்னு முடிவு பண்றதுலதான் பாதி பிரச்சனை தீருது, இல்லன்னா அங்கதான் புதுசா ஒண்ணு ஆரம்பிக்குது.

பொதுவா மூணு வழி இருக்கு. ஒண்ணு, கஸ்டமர்கிட்ட எதுவும் சொல்லாம ரெண்டு மூணு நாள் கழிச்சு திரும்ப டெபிட் போட்டுப் பாக்கறது, அதுவும் போச்சுன்னாதான் சொல்றது. ரெண்டு, அன்னைக்கே ஒரே மெசேஜ்ல எல்லாத்தையும் எழுதி அனுப்பறது. மூணு, போன் பண்ணிப் பேசறது. என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன்: பணம் பத்தாம திரும்பி வந்த முதல் தடவைக்கு அன்னைக்கே மெசேஜ்தான் சரி, ரீட்ரை பண்ணலாம் ஆனா தேதியை அந்த மெசேஜ்லயே சொல்லிட்டுத்தான் பண்ணணும், போன் வேற சில காரணங்களுக்கு மட்டும். ஏன்னு ஒவ்வொண்ணா பாப்போம்.

அதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு, நிறைய பேர் இதைத் தாண்டிப் போயிடறாங்க. திரும்பி வந்த டெபிட் கூடவே ஒரு காரணக் குறியீடு வரும். அமெரிக்காவுல ஏசிஎச் சிஸ்டத்துல R01-ன்னா பணம் பத்தல, R02-ன்னா அக்கவுண்ட் மூடியாச்சு. ஐரோப்பாவுல செபா டெபிட்ல அதையே AM04, AC04-ன்னு காட்டும், MD01-ன்னா செல்லுபடியாகிற மேன்டேட்டே, அதாவது பணம் எடுக்கக் கஸ்டமர் கொடுத்த அனுமதியே இல்லைன்னு அர்த்தம். ஒவ்வொரு நாட்டுலயும் குறியீடு வேற வேற, ஆனா விஷயம் பெரும்பாலும் நாலுதான்: பணம் இல்ல, அக்கவுண்ட் இல்ல, அனுமதி இல்ல, இல்லன்னா நடுவுல சிஸ்டம் கோளாறு. இதைப் பாக்காம "உங்க அக்கவுண்ட்ல போதுமான பணம் இல்லாததால" அப்படின்னு எல்லாருக்கும் ஒரே டெம்ப்ளேட்டைத் தட்டி விட்டீங்கன்னா, பேலன்ஸ் நிறைய வெச்சிருந்து நம்ம பக்க ஃபைல் தப்பாப் போனதால ஃபெயில் ஆன மனுஷனுக்கும் அதே மெசேஜ் போகும். அவர் ஸ்டேட்மென்ட்டை எடுத்து வெச்சுக்கிட்டு சண்டைக்கு வருவார், அவர் வர்றது நியாயம்தான். பெனால்டி போடலாமா கூடாதாங்கறதும் இந்தக் குறியீட்டுலதான் இருக்கு, அதுக்குக் கீழே வர்றேன்.

இப்போ முதல் வழி, சொல்லாம ரீட்ரை. இதுக்கு ஆதரவா சொல்றவங்க சொல்றதுல உண்மை இருக்கு. சம்பளம் ஒரு நாள் லேட்டா வந்திருக்கும், மறுபடி போட்டா எடுத்துடும், கஸ்டமரை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னு கேக்கறாங்க. ஆனா கஸ்டமர் பக்கத்துல இருந்து என்ன நடக்குதுன்னு ஒரு கணக்கு போட்டுப் பாத்தாதான் தெரியும்.

தவணை 5,000ன்னு வைங்க, தேதி 5. கஸ்டமர் அக்கவுண்ட்ல 4,600 இருக்கு. காலையிலயே டெபிட் வந்து திரும்பிப் போயிடுச்சு. இப்போ அவரோட பேங்க், டெபிட் திரும்பினதுக்காக 250 அவர் அக்கவுண்ட்ல இருந்து எடுத்துக்குது, மிச்சம் 4,350. நாம யாரும் அவர்கிட்ட பேசல. அவர் எப்பவும் போல ஆப்பைத் திறந்து பாக்கறார், தவணை இன்னும் கட்டலன்னு காட்டுது, காலையில 400 பத்தாம இருந்ததுன்னு ஞாபகம் இருக்கு, சரின்னு 400 போட்டு வெக்கிறார். அந்த 250 எடுத்தது அவர் கண்ணுல படல. இப்போ அக்கவுண்ட்ல 4,750. நாம 8-ஆம் தேதி ரீட்ரை போடறோம், திரும்பவும் பத்தல, திரும்பவும் பேங்க் 250 எடுக்குது, டெபிட் திரும்பினதுக்கு நாம போடற பவுன்ஸ் சார்ஜையும் ரெண்டாவது தடவை போடறோம். மனுஷன் பணம் கட்டத் தயாரா இருந்தார், கையில காசும் இருந்திருக்கு, யாரும் சரியான தொகையைச் சொல்லாததால ரெண்டு தடவை அடி. கஸ்டமரைத் தொந்தரவு பண்ண வேணாம்னு நினைச்சுச் செஞ்சதுதான் கடைசியில அவருக்குப் பெரிய தொந்தரவா முடியுது.

இதுக்கு நேர் எதிரான இன்னொண்ணும் நடக்கும், இது இன்னும் மோசம். அவர் ஃபெயில் ஆனதைப் பாத்துட்டு 7-ஆம் தேதி சாயங்காலம் ஆன்லைன்ல தானாவே 5,000 கட்டிடறார். ஆனா 8-ஆம் தேதி எடுக்க வேண்டிய ஃபைல் மத்தியானமே பேங்குக்குப் போயாச்சு, அதை நிறுத்த முடியாது. காலையில இன்னொரு 5,000 போகுது. ஒரே தவணைக்கு 10,000. ரீஃபண்ட் வர்ற வரைக்கும் அவரோட மத்த பில் எல்லாம் பவுன்ஸ் ஆகும். ரீட்ரை தேதியும், எந்த நேரத்துக்குள்ள வேற வழியில கட்டினா ரீட்ரை நிக்கும்ங்கறதும் அவருக்குத் தெரிஞ்சிருந்தா இது நடந்தே இருக்காது.

ரீட்ரைக்கு எல்லையும் உண்டு. ஏசிஎச்ல பணம் பத்தாம திரும்பினதை மேல ரெண்டு தடவைதான் திரும்பப் போடலாம், அதுவும் முதல் தடவை போட்டதுல இருந்து 180 நாளுக்குள்ள. அக்கவுண்ட் மூடியாச்சுன்னு வந்ததையோ, கஸ்டமர் அனுமதியை ரத்து பண்ணிட்டார்னு வந்ததையோ அதே மாதிரி திரும்பப் போடறதுல அர்த்தமே கிடையாது. ரத்து பண்ணினதுக்கு மேல போட்டா அது பணம் வசூல் பண்ற விஷயமாவே இருக்காது, நம்ம மேல புகார் வர்ற விஷயமா ஆயிடும்.

அதனால ரெண்டாவது வழிக்கு வர்றேன், அன்னைக்கே மெசேஜ். இதோட பெரிய நன்மை, கஸ்டமர் கையில எழுத்துல ஒரு கணக்கு இருக்கும், நிதானமா படிக்கலாம், வீட்டுல காட்டலாம், ரெண்டு நாள் கழிச்சு எடுத்துப் பாக்கலாம். போன்ல சொன்ன தொகை அஞ்சு நிமிஷத்துல மறந்துடும். ஆனா மெசேஜ் எழுதற விதத்துல நிறைய பேர் கெடுத்துடறாங்க. இந்த மாதிரி ஒண்ணு பாத்திருப்பீங்க:

"அன்பான வாடிக்கையாளரே, உங்கள் ஆட்டோ டெபிட் தோல்வியடைந்துள்ளது. அபராதம் விதிக்கப்பட்டுள்ளது. மேல் நடவடிக்கையைத் தவிர்க்க உடனே கீழே உள்ள லிங்க்கில் செலுத்தவும்."

இதுல எந்த தவணைன்னு இல்ல, எவ்வளவுன்னு இல்ல, அபராதம் யார் போட்டதுன்னு இல்ல, உடனேன்னா எப்போன்னு இல்ல. மிரட்டலும் ஒரு லிங்க்கும் மட்டும் இருக்கு. திருட்டு மெசேஜ் அனுப்பறவங்க எழுதறதும் அப்படியே இதுதான். உஷாரான கஸ்டமர் இதைத் தொடவே மாட்டார், தொடாததுதான் புத்திசாலித்தனம், ஆனா அதுக்குள்ள நாள் ஓடி லேட் சார்ஜ் ஏறும். நான் அனுப்பச் சொல்றது இப்படி இருக்கும்:

"வணக்கம். 5-ஆம் தேதி எடுக்க வேண்டிய 5,000 தவணையை, 1234-ல் முடியும் உங்கள் அக்கவுண்ட்டில் இருந்து எடுக்க முடியவில்லை. பேங்க் சொன்ன காரணம்: பேலன்ஸ் பத்தவில்லை. எங்கள் பவுன்ஸ் சார்ஜ் 400. 7-ஆம் தேதி பகல் 12 மணிக்குள் வேறு வழியில் கட்டினால் ரீட்ரை நடக்காது. கட்டாவிட்டால் 8-ஆம் தேதி 5,000 மட்டும் திரும்ப எடுப்போம், அன்று முழு 5,000 அக்கவுண்ட்டில் இருக்கட்டும். கட்ட: நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் எங்கள் ஆப்பில் 'நிலுவை' பக்கம். உங்கள் பேங்க் தனியாக ஏதாவது எடுத்திருந்தால் அது எங்கள் சார்ஜ் இல்லை, எங்களுக்கு வராது."

கொஞ்சம் நீளம்தான், ஆனா இதுல ஒரு வரியை எடுத்தாலும் அதுக்கு ஒரு போன் கால் வரும். எஸ்எம்எஸ்ல இவ்வளவு போகாதுன்னா முதல் ரெண்டு விஷயத்தையும் ரீட்ரை தேதியையும் எஸ்எம்எஸ்ல வெச்சு, முழுக் கணக்கை மெயில்லயோ ஆப்லயோ வெச்சுட்டு அங்க போய்ப் பாருங்கன்னு சொல்லலாம். லிங்க் வெக்காம ஆப்புக்குப் போகச் சொல்றது வேணும்னே செஞ்சது. ஆப் இல்லாதவங்களுக்கு லிங்க் தேவைதான், அப்போ பாஸ்வேர்டோ ஓடிபியோ மெசேஜ்லயும் போன்லயும் நாங்க கேக்க மாட்டோம்னு ஒரு வரி சேத்து எழுதுங்க, சந்தேகம் இருந்தா பழைய பில்லுல இருக்கிற நம்பருக்குக் கூப்பிடுங்கன்னும் சொல்லுங்க. மெசேஜ்லயே இருக்கிற நம்பரை நம்பச் சொல்றதுல பிரயோஜனம் இல்ல.

இன்னொரு சின்ன விஷயம், "நீங்கள் பணம் வைக்கத் தவறிவிட்டீர்கள்"ன்னு எழுதறதுக்கும் "எடுக்க முடியவில்லை"ன்னு எழுதறதுக்கும் வித்தியாசம் பெருசு. ரெண்டாவதுல நடந்தது மட்டும் இருக்கு, யாரையும் குத்தம் சொல்லல. காரணம் கூட "பேங்க் சொன்ன காரணம்"னு எழுதறது, நமக்குத் தெரிஞ்சது அவ்வளவுதாங்கறதால.

மூணாவது வழி போன். போன்ல நல்லதும் இருக்கு, கெட்டதும் இருக்கு. முதல் தடவை 400 ரூபாய் அளவு விஷயத்துக்குப் போன் போட்டா, கஸ்டமர் வேலை நடுவுல இருப்பார், பக்கத்துல ஆள் இருக்கும், கடன் விஷயம் காதுல விழுதேன்னு கூச்சப்படுவார், "சரி சரி கட்டிடறேன்"னு வெச்சிடுவார், தொகையும் மனசுல நிக்காது. ஆனா அக்கவுண்ட் மூடியாச்சுன்னு குறியீடு வந்தா, மேன்டேட்டை ரத்து பண்ணியிருந்தா, ரெண்டாவது தடவையும் ஃபெயில் ஆனா, அங்க மெசேஜ் போதாது. ஏதோ நடந்திருக்கு: வேலை மாறியிருக்கலாம், பேங்க் மாத்தியிருக்கலாம், நம்ம மேலயே ஏதாவது கோவம் இருந்து நிறுத்தியிருக்கலாம், வீட்டுல ஒரு சாவு விழுந்திருக்கலாம். அதைக் கேட்டாதான் தெரியும், மெசேஜ் கேக்காது.

போன் போட்டா முதல்ல பேசறது சம்பந்தப்பட்டவர்தானான்னு உறுதி பண்ணிக்கணும். வீட்டுல வேற யாராவது எடுத்தா "கொஞ்சம் அவர்கிட்ட பேசணும், அப்புறம் கூப்பிடறேன்"னு வெச்சிடணும், தவணைன்ற வார்த்தையே வாயில வரக்கூடாது. ஆள் கிடைச்சதும் பேச்சு இப்படிப் போகலாம்:

"வணக்கம் சார், இந்த மாசத் தவணை அக்கவுண்ட்ல இருந்து எடுக்க முடியல, அந்த அக்கவுண்ட் மூடியிருக்குன்னு பேங்க்ல இருந்து வந்திருக்கு. பேங்க் ஏதாவது மாத்தினீங்களா?"

"ஆமாங்க, ஆபீஸ் மாறிட்டேன், சம்பளம் இப்போ வேற பேங்க்ல வருது. மறந்தே போச்சு."

"பரவால்ல சார். ரெண்டு வேலை இருக்கு. இந்த மாசத்தை மட்டும் நீங்க இப்போ ஆப்லயோ ட்ரான்ஸ்ஃபர்லயோ கட்டிடலாம். அடுத்த மாசத்துக்குப் புது அக்கவுண்ட்ல மேன்டேட் போடணும், அது ஆக்டிவ் ஆக சில நாள் ஆகும், அதனால தனியா செய்யணும். கணக்கை மெசேஜ்ல அனுப்பறேன், பாத்துட்டு கட்டுங்க."

இதுல கவனிங்க, மேன்டேட்டையும் இந்த மாசப் பணத்தையும் பிரிச்சு சொல்லியிருக்கு. இதைச் சொல்லலன்னா கஸ்டமர் புது மேன்டேட் போட்டதும் இந்த மாசமும் அதுலயே எடுத்துப்பாங்கன்னு நினைச்சு சும்மா இருந்துடுவார். பத்து நாள் கழிச்சு லேட் சார்ஜோட போய் நின்னா என்ன சொல்வார்? "அன்னைக்கே எல்லாம் பண்ணிட்டேனே"ன்னு.

வேற வழின்னு எதைக் கொடுக்கறதுங்கறதுலயும் தேர்வு இருக்கு. ஆப்லயோ நம்ம பேமென்ட் பக்கத்துலயோ கட்டறது முதல்ல இருக்கட்டும், ஏன்னா தவணை எது யாருதுன்னு சிஸ்டத்துக்கு அப்பவே தெரிஞ்சுடும், ரீட்ரையும் தானா நிக்கும். பேங்க் ட்ரான்ஸ்ஃபர் பழகினவங்களுக்குப் பிடிக்கும், ஆனா கடன் நம்பரை ரெஃபரன்ஸ்ல போடாம அனுப்பினா பணம் வந்தும் யாருதுன்னு தெரியாம சஸ்பென்ஸ் கணக்குல கிடக்கும், நாம இந்தப் பக்கம் லேட் சார்ஜ் ஏத்திக்கிட்டே இருப்போம். அதனால ட்ரான்ஸ்ஃபர் சொன்னா ரெஃபரன்ஸ்ல என்ன எழுதணுங்கறதை எழுத்து எழுத்தா கொடுங்க. கார்டுல கட்டலாம், ஆனா கிரெடிட் கார்டுல கடன் தவணை கட்ட பல இடத்துல விடறதில்ல, விட்டாலும் ஒரு கடனை இன்னொரு கடனால மூடற மாதிரி ஆயிடும், நான் அதை லிஸ்ட்ல மேல வெக்க மாட்டேன். நாலஞ்சு வழியை ஒண்ணா கொட்டினா கஸ்டமர் குழம்புவார், ரெண்டு போதும்.

இப்போ பெனால்டி. இதுல ரெண்டு வேற வேற விஷயத்தை ஒரே வார்த்தையில சொல்லிக் குழப்பறோம். பவுன்ஸ் சார்ஜ்ங்கறது டெபிட் திரும்பினதுக்கு ஒரு தடவை போடறது. லேட் சார்ஜ்ங்கறது பணம் வராத ஒவ்வொரு நாளுக்கும் ஏறறது. மேல சொன்ன கஸ்டமர் 9-ஆம் தேதி கட்டறார்னு வைங்க, 8-ஆம் தேதி ரீட்ரை போடலன்னு வெச்சுக்கலாம், ஒரு தடவை ஃபெயில் மட்டும். லேட் சார்ஜ் நிலுவைக்கு வருஷத்துக்கு 24 சதவீதம்னா ஒரு நாளைக்கு 5,000-க்கு 3.29 வரும், நாலு நாளைக்கு 13.15. அப்போ 5,000 தவணை, 400 பவுன்ஸ், 13.15 லேட், மொத்தம் 5,413.15. இதை இப்படி மூணு வரியா காட்டினா "ஏன் இவ்வளவு?"ன்னு கேக்கற கஸ்டமர் ரொம்பக் குறையும். "நிலுவை 5,413.15"ன்னு ஒரே எண்ணா போட்டா எல்லாரும் கேப்பாங்க, கேக்கணும்.

இந்த லேட் சார்ஜை எப்படிக் கணக்குப் பண்ணலாங்கறதுக்கு அங்கங்க சட்டம் இருக்கு, டெம்ப்ளேட் எழுதறவங்க அதைப் பாத்துட்டுத்தான் எழுதணும். உதாரணத்துக்கு இந்தியாவுல ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்ட்ல போட்ட உத்தரவுப்படி, கடன் தவணை தவறினா அதைப் பெனால்டி வட்டியா வட்டி விகிதத்து மேல ஏத்தக்கூடாது, தனி சார்ஜா மட்டும்தான் போடலாம், அந்த சார்ஜ் மேல மறுபடி வட்டி போடவும் கூடாது. அங்க 24 சதவீத உதாரணத்தை "கூடுதல் வட்டி"ன்னு எழுதினா அந்த ஒரு வார்த்தைக்கே கேள்வி வரும்.

கஸ்டமர் பணத்தைப் போடும்போது ஒரு பெரிய சிக்கல் இருக்கு, இதை நிறைய பேர் முன்கூட்டியே சொல்றதே இல்ல. அவர் 5,000 மட்டும் கட்டறார், சார்ஜை அப்புறம் பாத்துக்கலாம்னு நினைக்கிறார். நம்ம சிஸ்டம் வர்ற பணத்தை முதல்ல சார்ஜுக்கு எடுத்துக்கிற மாதிரி செட் பண்ணியிருந்தா, 413.15 அங்க போய், தவணைக்கு 4,586.85தான் சேரும். தவணை இன்னும் நிலுவைன்னு நிக்கும், லேட் சார்ஜ் ஓடும், கடன் ரிப்போர்ட்லயும் தவறினதா போகலாம். கஸ்டமர் பார்வையில அவர் முழுத் தவணையும் கட்டிட்டார். இந்த இடத்துல ரெண்டுல ஒண்ணு செய்யணும்: முதல்ல தவணைக்குத்தான் போகும்னு சிஸ்டத்தை மாத்தணும், இல்லன்னா எந்த வரிசையில போகும்னு மெசேஜ்லயே சொல்லணும். என்னைக் கேட்டா முதலாவதுதான் நியாயம்.

எப்போ பெனால்டியே போடக்கூடாதுன்னு இருக்கு இல்லியா, அதுதான் மேல சொன்ன குறியீட்டு விஷயம். நம்ம ஃபைல் தப்பு, பேங்க் பக்க சிஸ்டம் கோளாறு, சொன்ன தேதிக்கு முன்னாடியே நாம டெபிட் போட்டது, இதுக்கெல்லாம் சார்ஜ் போட்டுட்டு அப்புறம் கேட்டா தர்றதுங்கற வழக்கம் வேணாம். கேக்காதவங்க கிட்ட அது அப்படியே நின்னுடும், கேக்கத் தெரியாதவங்கதான் அதிகமா கேக்காம இருப்பாங்க. அந்த மாதிரி கேஸ்ல மெசேஜ்ல "இது எங்கள் பக்கத் தடங்கல், சார்ஜ் எதுவும் இல்லை"ன்னு தெளிவா எழுதணும், ஏன்னா அவர் பேங்க் தனியா ஏதாவது எடுத்திருந்தா அதைத் திருப்பிக் கேக்க அந்த மெசேஜ்தான் அவருக்கு ஆதாரம்.

தள்ளுபடி கேக்கற கஸ்டமரும் வருவார். பல வருஷமா ஒழுங்கா கட்டினவர், ஒரு தடவை தவறினா 400-ஐ விடலாமான்னு போன்ல இருக்கறவரே முடிவு பண்ண அதிகாரம் கொடுத்திருந்தா அங்கயே முடிஞ்சுடும். அதிகாரம் இல்லன்னா "பாத்து சொல்றேன்"னு சொல்லாதீங்க, எந்த தேதிக்குள்ள பதில் வரும்னு சொல்லுங்க, அதுவரைக்கும் தவணை 5,000-ஐ மட்டும் கட்டச் சொல்லுங்க. சார்ஜ் தகராறுல தவணையையும் சேர்த்து நிறுத்தி வெச்சுட்டார்னா அவருக்குத்தான் நஷ்டம், தினமும் 3.29 ஏறிக்கிட்டே போகும்.

பணம் வந்ததும் இன்னொரு மெசேஜ் கட்டாயம் போகணும்: எவ்வளவு வந்தது, எதுக்கு எவ்வளவு எடுத்தோம், 8-ஆம் தேதி ரீட்ரை நிறுத்தியாச்சா இல்லையா, அடுத்த டெபிட் எந்த அக்கவுண்ட்ல எந்த தேதி. ரீட்ரை ஃபைல் ஏற்கனவே போயிடுச்சுன்னா அதையும் மறைக்காம சொல்லி, ரெண்டு தடவை எடுத்தா எத்தனை நாளுல திருப்பித் தருவோம்னு அதுலயே எழுதிடுங்க.